வலப்பக்கம் வந்த மார்ஜின் கோடு

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். காய்ச்சலால் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. தோழியின் நோட்டில் இருந்த படத்தைத் தோழியே போனில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இவள் அதை எனக்குத் தள்ளிவிட்டாள்.

படத்தில் வரிசை வரிசையாகப் பெருக்கல் குறிகள். வலது ஓரத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் p என்ற எழுத்து. புள்ளியிலிருந்து இடப்பக்கம் நீளும் ஓர் அம்பு, அதன்மேல் v. அந்தப் புள்ளி பெருக்கல் குறிகளுக்குள் நுழைந்து, மேல்நோக்கி வளைந்து, அரைவட்டம் போட்டு, நுழைந்த பக்கமே வெளியே வந்துவிடுகிறது. கேள்வியை அவள் கீழே தட்டச்சு செய்திருந்தாள்: துகளின் நிறை 1.67 × 10⁻²⁷ கிலோகிராம், மின்னூட்டம் +1.6 × 10⁻¹⁹ கூலும், வேகம் நொடிக்கு 2 × 10⁶ மீட்டர், காந்தப்புலம் 0.5 டெஸ்லா. விசையின் திசை, வட்டப்பாதையின் ஆரம், சுற்றுக்காலம் மூன்றையும் காண வேண்டும்.

அதற்கும் கீழே அவளுடைய சந்தேகம்: "மாமா, எனக்கு விசை கீழ நோக்கின்னு வருது. படத்துல மேல வளைஞ்சு போகுது. நாலு தடவை போட்டுப் பாத்துட்டேன். எங்க தப்புப் பண்றேன்?"

நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கும் கீழ்நோக்கித்தான் வந்தது. அவள் தப்புச் செய்யவில்லை. அப்படியானால் படம் ஏன் மேலே போகிறது? அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. முதலில் இந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்று பார்த்துவிடுவோம்.

பெருக்கல் குறி சொல்வது என்ன?

காகிதம் தட்டையானது. காந்தப்புலமோ பல சமயம் காகிதத்தைத் துளைத்துக்கொண்டு போகும் திசையில் இருக்கும். அதைக் காட்ட ஓர் அம்பை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வில்லில் இருந்து விட்ட அம்பு உங்களை விட்டு விலகிப் போகும்போது அதன் பின்னால் கட்டிய இறகுகள்தான் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். அதனால் காகிதத்துக்குள் போகும் புலத்துக்குப் பெருக்கல் குறி. அம்பு உங்களை நோக்கி வந்தால் அதன் கூர்முனை மட்டும் தெரியும். அதனால் காகிதத்தை விட்டு வெளியே வரும் புலத்துக்குப் புள்ளி.

இனி விசையின் திசை. பள்ளியில் படித்த ஃபிளமிங் இடக்கை விதி இங்கே போதும். இடது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், பெருவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்ட வேண்டும். ஆள்காட்டி விரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் விசை. நேர் மின்னூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுவே மின்னோட்டத்தின் திசை. எலக்ட்ரான் போன்ற எதிர் மின்னூட்டம் என்றால் நடுவிரலை அது ஓடும் பக்கத்துக்கு நேர் எதிராக நீட்ட வேண்டும்.

காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் செய்து பாருங்கள். புலம் உள்நோக்கி, எனவே ஆள்காட்டி விரல் காகிதத்தைக் குத்துவதுபோல் நேரே நிற்கும். புரோட்டான் வலப்பக்கம் ஓடினால் நடுவிரலை வலப்பக்கம் மடக்கலாம். கை இயல்பாகவே நிற்கிறது, பெருவிரல் வானத்தைப் பார்க்கிறது. விசை மேல்நோக்கி. இதையே இடப்பக்கம் ஓடும் புரோட்டானுக்குச் செய்யுங்கள். மணிக்கட்டை முழுதாகத் திருப்பினால்தான் நடுவிரல் இடப்பக்கம் போகும். பெருவிரல் தரையைப் பார்க்கும். அக்கா மகளுக்கு வந்த விடை இதுதான். பெருக்கல் குறிகளுக்குள் இடப்பக்கம் ஓடும் புரோட்டான் கீழேதான் வளைய வேண்டும்.

கயிறு இல்லாத கவண்

விசையின் திசை தெரிந்துவிட்டால், பாதை ஏன் வட்டமாகிறது என்பது எளிது. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கவணை நினைத்துக்கொள்ளுங்கள். கல் சுற்றும்போது கயிறு எப்போதும் கையை நோக்கியே இழுக்கிறது, கல் ஓடும் திசைக்குச் செங்குத்தாக. அந்த இழுப்பு கல்லின் வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. திசையை மட்டும் திருப்பிக்கொண்டே இருக்கிறது.

காந்த விசையும் அப்படித்தான் நடந்துகொள்கிறது, கயிறு மட்டும் கிடையாது. துகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் விசையும் கூடவே திரும்பி, ஓட்டத்துக்குச் செங்குத்தாகவே நிற்கும். துகள் நின்றுவிட்டால் விசையும் இல்லாமல் போய்விடும். வேகம் மாறாமல், ஒரே அளவான விசை எப்போதும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே இருந்தால் வரும் பாதை வட்டம்.

விசையின் அளவு மின்னூட்டம், வேகம், புலம் மூன்றின் பெருக்கல்: F = qvB. வட்டத்தில் ஓட வைக்கத் தேவையான மையநோக்கு விசை mv²/r. இரண்டும் ஒன்றே என்பதால்,

r = mv / qB

நம் கணக்கின் எண்களைப் போடுவோம். மேலே mv என்பது 1.67 × 10⁻²⁷ × 2 × 10⁶ = 3.34 × 10⁻²¹. கீழே qB என்பது 1.6 × 10⁻¹⁹ × 0.5 = 8 × 10⁻²⁰. வகுத்தால் 0.042 மீட்டர், அதாவது 4.2 சென்டிமீட்டர். நொடிக்கு 2,000 கிலோமீட்டர் வேகத்தில் வரும் துகளை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டத்தில் சுற்ற விட்டுவிடுகிறது அந்தக் காந்தம். இவ்வளவுக்கும் விசை வெறும் 1.6 × 10⁻¹³ நியூட்டன்தான். நமக்கு இது தூசிக்கும் கீழ். ஆனால் புரோட்டானின் எடையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்து லட்சம் கோடி மடங்கு. அதனால்தான் இந்தக் கணக்குகளில் புவியீர்ப்பை யாரும் சேர்ப்பதில்லை.

இங்கே மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. படத்தில் வட்டம் வரைந்திருக்கிறது என்பதற்காக ஸ்கேலை எடுத்து ஆரத்தை அளக்கக் கூடாது. பாடப்புத்தகப் படங்கள் அளவுப்படி வரையப்படுவதில்லை. இதே புலத்தில் இதே வேகத்தில் ஓர் எலக்ட்ரானை விட்டால், நிறை ஏறக்குறைய 1,830 மடங்கு குறைவு என்பதால் அதன் ஆரம் 0.023 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனுக்கு அருகே வரும் அளவு. இரண்டையும் ஒரே படத்தில் உண்மை அளவில் வரைய முடியாது. புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் சம அளவான வட்டங்களை எதிரெதிராக வரைந்து காட்டும் படங்கள் திருப்பத்தின் திசையை மட்டுமே சொல்கின்றன.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்?

மூன்றாவது விடைதான் மூன்றிலும் அழகானது. வட்டத்தின் சுற்றளவு 2πr. அதை வேகத்தால் வகுத்தால் சுற்றுக்காலம். r இருக்கும் இடத்தில் mv/qB என்று போட்டால் மேலும் கீழும் இருக்கும் v அடிபட்டுப் போகும்:

T = 2πm / qB

இதில் வேகமே இல்லை. மெதுவாக ஓடும் புரோட்டானும் விரைவாக ஓடும் புரோட்டானும் ஒரே புலத்தில் ஒரே நேரத்தில் சுற்றை முடிக்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் ஆரமும் இரண்டு மடங்காகிறது. ஓட வேண்டிய தூரம் கூடிய அளவுக்கே ஓட்டமும் கூடியிருப்பதால் நேரம் மாறுவதில்லை. நம் புரோட்டானுக்கு இது 1.31 × 10⁻⁷ நொடி, அதாவது 131 நானோ நொடி. நொடிக்கு 76 லட்சம் சுற்றுகள்.

அமெரிக்காவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் இந்த ஒரு சமன்பாட்டின்மேல்தான் சைக்ளோட்ரான் கருவியைக் கட்டினார். துகள் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒரு மின்புலத்தைக் கடந்து கொஞ்சம் வேகம் பெறும். வட்டம் பெரிதாகும், நேரம் மட்டும் மாறாது. ஆகவே ஒரே தாளத்தில் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும், ஒவ்வொரு முறையும் துகள் சரியான கணத்தில் வந்து நிற்கும். 1931-இல் அவரும் அவருடைய மாணவர் ஸ்டான்லி லிவிங்ஸ்டனும் ஓட்டிக் காட்டிய முதல் கருவி உள்ளங்கை அகலம்தான்.

இந்தக் கணக்கில் துகள் அரைவட்டம்தான் போடுகிறது. ஆகவே புலத்துக்குள் இருக்கும் நேரம் சுற்றுக்காலத்தில் பாதி, 66 நானோ நொடி. நுழைந்த இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் இடைவெளி இரண்டு ஆரம், 8.4 சென்டிமீட்டர். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காந்தப்புலம் பரவியிருக்கும் பட்டையின் அகலம் ஆரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பட்டை 3 சென்டிமீட்டர் அகலம்தான் என்றால் துகள் திரும்பி முடிப்பதற்குள் மறுபக்கம் வந்துவிடும். அப்போது அது திரும்பியிருப்பது ஏறக்குறைய 46 பாகை மட்டுமே. உள்ளே இருந்த நேரமும் முழுச்சுற்றில் 360-க்கு 46 என்ற விகிதம்தான், 17 நானோ நொடிக்குச் சற்றுக் குறைவு. படத்தைப் பார்த்தவுடன் "அரைவட்டம்" என்று முடிவு கட்டாமல் ஆரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுவது நல்லது.

மார்ஜின் காட்டிக் கொடுத்தது

இனி அந்தப் படத்துக்கு வருவோம். ஆரம் சரி, காலம் சரி. திசை மட்டும் உதைக்கிறது. கேள்வியில் மின்னூட்டம் +1.6 × 10⁻¹⁹ என்று தெளிவாக இருக்கிறது. நிறையும் புரோட்டானுடையது. படத்திலும் p என்று எழுதியிருக்கிறது. ஆனால் வளைவு எலக்ட்ரானுக்கு உரியது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில், புள்ளிக்குச் சற்றே அப்பால், மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. நோட்டின் மார்ஜின். நம் பிள்ளைகளின் நோட்டில் மார்ஜின் இடப்பக்கம் இருக்கும். இது வலப்பக்கம் இருந்தது.

தோழி முன்பக்கக் கேமராவில் படம் எடுத்திருக்கிறாள். சில போன்களில் அந்தக் கேமரா, கண்ணாடியில் தெரிவதுபோலவே இடவலம் மாற்றிப் படத்தைச் சேமிக்கும். பக்கத்தில் ஒரு வரி எழுத்து இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். ஆனால் அவள் படத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தாள். பெருக்கல் குறியைக் கண்ணாடியில் பார்த்தாலும் பெருக்கல் குறிதான். v-யும் v-தான். மாறக்கூடிய எழுத்து ஒன்றே ஒன்று: தோழி எழுதியது q, மின்னூட்டத்தைக் குறிக்கும் எழுத்து. கண்ணாடியில் அது p ஆகிவிட்டது. புரோட்டான் கணக்கில் p என்று இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

போனிலேயே படத்தை இடவலமாகத் திருப்பினேன். மார்ஜின் இடப்பக்கம் போனது. துகள் இடது ஓரத்திலிருந்து வலப்பக்கமாக நுழைந்து மேலே வளைந்தது. இடது கையை நீட்டிப் பார்த்தேன். பெருவிரல் மேலே.

அவளுக்குச் சொன்னபோது அடுத்த கேள்வி வந்தது. "படத்தத் தலைகீழாப் பிடிச்சாலும் இப்படித்தான் தப்பாகுமா மாமா?"

ஆகாது. போனை எந்தக் கோணத்தில் சுழற்றினாலும் கெடுதல் இல்லை. தலைகீழாகப் பிடித்தால் வலப்பக்கம் ஓடியது இடப்பக்கம் ஓடும், மேலே வளைந்தது கீழே வளையும். உள்நோக்கிய புலம் உள்நோக்கியே இருக்கும். இடக்கை விதி அப்படியே பொருந்தும். கண்ணாடிப் பிம்பம் மட்டுமே கெடுக்கும், ஏனென்றால் கண்ணாடியில் இடது கை வலது கையாகத் தெரிகிறது. இடக்கைக்கு உரிய விதியை வலக்கையால் செய்தால் விடை எதிராகத்தான் வரும்.

அப்படியானால் கண்ணாடி உலகத்தில் இயற்பியல் பொய்யாகிவிடுகிறதா? இல்லை. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காந்தப்புலத்தை உண்டாக்குவது ஒரு கம்பிச்சுருள் என்று வைத்துக்கொள்வோம். நாம் பார்க்கும் பக்கத்திலிருந்து மின்னோட்டம் கடிகார முள் போலச் சுற்றினால் புலம் நம்மை விட்டு உள்ளே போகும். அந்தச் சுருளைக் கண்ணாடியில் பாருங்கள். மின்னோட்டம் எதிர்த்திசையில் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும் சுருளின் புலம் நம்மை நோக்கி வெளியே வர வேண்டும். அதாவது கண்ணாடியில் இருக்கும் உண்மையான புலத்துக்குப் பெருக்கல் குறி போடக் கூடாது, புள்ளி போட வேண்டும். புள்ளி போட்டுக் கணக்குச் செய்தால், இடப்பக்கம் ஓடும் புரோட்டான் மேலேதான் வளையும். படம் சரியாகிவிடும். காகிதத்தில் மையால் போட்ட குறிக்குச் சுருளைப் பற்றி எதுவும் தெரியாது. பிம்பம் திரும்பியபோது பாதை திரும்பிவிட்டது, குறி மட்டும் திரும்பாமல் நின்றுவிட்டது. முரண்பாடு வந்தது அங்கேதான்.

தவறான பக்கம் வளைந்த ஒரு கோடு

படத்தில் வளைவு எதிர்ப்பக்கம் போனதால் நாங்கள் கால் மணி நேரம் விழித்தோம். 1932-இல் ஒருவர் இதே புதிரில் மாதக்கணக்கில் உழன்றார். அவருடைய படம் கையால் வரைந்தது இல்லை, நிஜமான புகைப்படம்.

கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், கால்டெக் நிறுவனத்தில் கார்ல் ஆண்டர்சன் விண்கதிர்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரு மேக அறை. ஈரப்பதம் நிறைந்த காற்றைத் திடீரென விரியவிட்டால் அது குளிரும். அந்தக் கணத்தில் மின்துகள் ஒன்று உள்ளே பாய்ந்தால் அது போன வழியெங்கும் சிறு நீர்த்துளிகள் கோத்தாற்போல் நிற்கும். அறையைச் சுற்றி வலுவான மின்காந்தம். ஆகவே துளிகளின் கோடு வளைந்திருக்கும். அந்த வளைவிலிருந்து ஆரம், ஆரத்திலிருந்து உந்தம்.

ஆரத்தைப் புகைப்படத்தில் எப்படி அளப்பது? முழு வட்டம் தெரியாது, ஒரு வில்லின் துண்டுதான் தெரியும். வில்லின் இரு முனைகளையும் ஒரு நாண் கோட்டால் இணைத்து, நடுவில் வில் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று அளக்கலாம். நாணின் நீளம் c, உப்பல் s என்றால் ஆரம் ஏறக்குறைய c²/8s. 14 சென்டிமீட்டர் ஆரமுள்ள பாதையில் 5 சென்டிமீட்டர் நாண் எடுத்தால் உப்பல் இரண்டு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அளவில் கால் மில்லிமீட்டர் பிசகினால் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகும். பாடப்புத்தகப் படத்தில் செய்யக் கூடாத இந்த அளவெடுப்பு இங்கே செய்யப்பட்டாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கோட்டை வரைந்தது துகளே.

ஆண்டர்சனின் படங்களில் சில கோடுகள் நேர் மின்துகள் வளையும் பக்கம் வளைந்தன. அன்று தெரிந்த நேர் மின்துகள் புரோட்டான் ஒன்றுதான். ஆனால் மெதுவாக ஓடும் புரோட்டான் அடர்த்தியான தடித்த கோடு போடும். இவை எலக்ட்ரான் போடுவதுபோல் மெல்லியவை. இன்னொரு வழியும் இருந்தது. கீழிருந்து மேலே ஓடும் நேர் மின்துகளும் மேலிருந்து கீழே ஓடும் எதிர் மின்துகளும் ஒரே கோட்டைத்தான் வரையும். கோட்டில் அம்புக்குறி கிடையாது. ஓட்டத்தின் திசை தெரிந்தால் மின்னூட்டத்தின் குறி தெரியும், குறி தெரிந்தால் திசை தெரியும். இரண்டும் தெரியாவிட்டால் இடக்கை விதியால் ஒன்றும் சொல்ல முடியாது.

அம்புக்குறியைத் துகளையே போட வைக்க ஆண்டர்சன் ஒரு வழி செய்தார். அறையின் குறுக்கே 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் ஈயத்தகட்டைப் படுக்கையாகப் பொருத்தினார். தகட்டைத் துளைத்து வரும் துகள் ஆற்றலை இழக்கும். ஆற்றல் குறைந்தால் ஆரமும் குறையும். எந்தப் பக்கம் வளைவு இறுக்கமாக இருக்கிறதோ, துகள் வெளிவந்த பக்கம் அதுதான்.

1932 ஆகஸ்ட் 2 அன்று அந்தப் படம் கிடைத்தது. புலத்தின் வலிமை 1.5 டெஸ்லா, திசை படத்துக்குள் நோக்கி. தகட்டுக்குக் கீழே கோட்டின் ஆரம் 14 சென்டிமீட்டர். மேலே 5 சென்டிமீட்டர். ஆகவே துகள் கீழிருந்து மேலே போயிருக்கிறது. வளைந்தது இடப்பக்கம். நீங்களே பாருங்கள்: ஆள்காட்டி விரல் படத்தை நோக்கி, நடுவிரல் மேலே, பெருவிரல் இடப்பக்கம். நேர் மின்னூட்டம்.

புரோட்டானாக இருக்குமா? 1.5 டெஸ்லாவில் 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வளையும் புரோட்டானின் ஆற்றல் ஏறக்குறைய 3 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்தான். அப்படிப்பட்ட புரோட்டான் காற்றில் அரை சென்டிமீட்டர் போவதற்குள் நின்றுவிடும். படத்தில் தகட்டுக்கு மேலே இருந்த கோடோ 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தது, வளைவும் மாறவில்லை. எலக்ட்ரானின் நிறையை ஒத்த, ஆனால் நேர் மின்னூட்டம் கொண்ட ஒரு துகள். பின்னர் அதற்குப் பாசிட்ரான் என்று பெயர் வந்தது. 1936-இல் ஆண்டர்சனுக்கு நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தபோது அவருக்கு வயது 31.

சமன்பாடு தடுக்கும் இடம்

இந்தப் படத்தில் நம் பள்ளிச் சமன்பாட்டின் எல்லையும் தெரிகிறது. எலக்ட்ரானின் நிறையை r = mv/qB-யில் போட்டு, வேகத்துக்கு ஒளியின் வேகத்தையே போட்டாலும், 1.5 டெஸ்லாவில் ஆரம் 1.1 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆண்டர்சன் அளந்தது 14 சென்டிமீட்டர். நூறு மடங்குக்கும் மேல். அளவு தவறு இல்லை. ஒளியின் வேகத்தை நெருங்கும் துகளுக்கு உந்தம் வெறும் mv அல்ல. வேகம் ஏறக்குறைய நின்றுவிட்ட பிறகும் உந்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது mv என்ற இடத்தில் உண்மையான உந்தத்தைப் போட வேண்டும். அந்தப் பாசிட்ரானின் ஆற்றல் தகட்டுக்குக் கீழே 6.3 கோடி எலக்ட்ரான் வோல்ட், மேலே 2.3 கோடி.

சுற்றுக்காலமும் இங்கே மாறிப்போகிறது. தகட்டுக்குக் கீழேயும் மேலேயும் அதன் வேகம் கிட்டத்தட்ட ஒளியின் வேகமே. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். 14 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 88 சென்டிமீட்டர், அதைச் சுற்ற ஏறக்குறைய 2.9 நானோ நொடி. 5 சென்டிமீட்டர் ஆரத்துக்கு 1 நானோ நொடிக்குச் சற்று மேல். ஒரே துகள், ஒரே புலம், இரண்டு சுற்றுக்காலங்கள். லாரன்ஸின் சைக்ளோட்ரானுக்கும் இதே காரணத்தால் ஓர் எல்லை வந்தது. துகளின் ஆற்றல் மிகவும் ஏறிவிட்டால் அது ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தாமதமாக வரும், மாறாத தாளம் தப்பிவிடும். நம் கணக்கில் வந்த புரோட்டானுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் வேகம் ஒளியின் வேகத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்கு, பள்ளிச் சமன்பாடே போதும்.

மறுநாள் மாலை அக்கா மகள் தன் நோட்டிலிருந்து புதிய படம் அனுப்பினாள். மார்ஜின் இடப்பக்கம் இருந்தது. விசை மேல்நோக்கி, ஆரம் 4.2 சென்டிமீட்டர், சுற்றுக்காலம் 131 நானோ நொடி. அரைவட்டத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடும் போட்டிருந்தாள். அதுதான் ஈயத்தகடாம்.

"ஆண்டர்சன் படமும் கண்ணாடியில மாறினா மாதிரி மாறியிருந்தா என்ன ஆகியிருக்கும் மாமா?"

நான் யோசித்துப் பார்த்துச் சொன்னேன். ஈயத்தகடு அப்போதும் பொய் சொல்லியிருக்காது. பிம்பத்திலும் இறுக்கமான வளைவு மேலேதான் இருக்கும், துகள் கீழிருந்து மேலே போனது என்பது அப்படியே நிற்கும். ஆரங்களும் மாறாது, கோட்டின் நீளமும் மாறாது. ஆனால் வளைவு வலப்பக்கம் போயிருக்கும். மேல்நோக்கி ஓடிய ஓர் எலக்ட்ரான் என்று எழுதி, அந்தப் படத்தை மற்றப் படங்களோடு அடுக்கியிருப்பார்கள்.